டியூஷன் விளம்பரம்: 3 கி.மீ. வட்டத்துக்குள் பெற்றோரை எப்படிப் பிடிப்பது?

வணக்கம். நங்கநல்லூரில் வீட்டு மாடியில் 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பேஸ்புக்கில் தினம் ₹200 என்று 5 நாள் விளம்பரம் போட்டேன். முதல் இரண்டு நாள் ஆவடி, திருவொற்றியூரிலிருந்தெல்லாம் விசாரித்தார்கள். இடத்தில் ‘சென்னை’ என்று மட்டும் கொடுத்ததுதான் தப்பு. அப்புறம் வரைபடத்தில் எங்கள் தெருவிலேயே பின் குத்தி 3 கி.மீ. வைத்தேன். தூரத்து விசாரணை நின்றுவிட்டது.

ஆனால் வயது 32–50 என்று கொடுத்தும், “சார், டீச்சர் வேலை இருக்கா?” என்று கல்லூரிப் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். அறிக்கையை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பணம் 18–24-க்கே போயிருக்கிறது. பேஸ்புக்கே ஆட்களைத் தேடிக்கொள்ளும் Advantage+ audience வசதி இருந்தால் நாம் கொடுக்கும் வயது வெறும் பரிந்துரைதானாம். அதை அணைத்துவிட்டேன்.

இப்போது என் சந்தேகம் ஒன்றுதான். Parents with teenagers (13-17 years) என்பதையும் சேர்த்தால் ஆட்கள் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிடுகிறது. நம் ஊர்ப் பெற்றோர் பலர் பிள்ளைகள் விவரத்தைப் பேஸ்புக்கில் போடுவதே இல்லையே. அதை எடுத்துவிட்டு வட்டமும் வயதும் மட்டும் வைத்து, “உங்கள் பிள்ளை 10-ஆம் வகுப்பா?” என்று படத்திலேயே எழுதினால் போதுமா? இல்லை, வட்டத்தை 5 கி.மீ. ஆக்கலாமா? சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிளில் வரவேண்டுமே என்று யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.