கருப்பனின் பயாப்சி ரிசல்ட்: அம்மாவுக்கு டாக்டர் எழுதிய கடிதம்

தோட்டத்துக்காரி, சுங்கை சிப்புட்
எங்கள் நாய் கருப்பனுக்கு 13 வயது. தண்ணீர்ச் சட்டியில் ரத்தக் கறை தெரிந்தது. வாய் நாற்றம் வேறு. சோற்றை ஒரு பக்கமாகவே மென்று பாதியைக் கீழே சிந்துவான். பல்லில் கோளாறு என்று நினைத்து ஈப்போவுக்குக் கொண்டு போனோம். மேல்தாடையில் கடைவாய்ப் பல்லை ஒட்டிக் கருப்பாக ஒரு கட்டி. மயக்கம் கொடுத்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வந்ததும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். “வயசாயிடுச்சுன்னு கைவிட்டுட்டாங்க” என்று அம்மா ஒரே அழுகை. அதற்காகவே டாக்டர் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்:

“அம்மா, வணக்கம். வயது ஒரு நோய் இல்லை. கட்டி கீழ்த்தாடையின் முன்பக்கம் இருந்து, நுரையீரலும் சுத்தமாக இருந்தால், இந்த வயதிலும் ஆபரேஷன் செய்யலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கருப்பனுக்கு வந்திருப்பது மெலனோமா. வாயில் வந்தால் இது பெரும்பாலும் பொல்லாத வகைப் புற்றுநோய்தான். கட்டி எது, எப்படிப்பட்டது என்று பயாப்சி சொல்லும். எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்லாது. அதனால்தான் தாடைக்கு அடியில் வீங்கியிருந்த நெறியில் ஊசி வைத்துப் பார்த்தோம், நெஞ்சை எக்ஸ்-ரே எடுத்தோம். நெறியிலும் அதே செல்கள். நுரையீரலில் வட்ட வட்டமாக நிழல்கள். நான்காம் கட்டம் என்பது இதுதான்.

தாடையில் ஒரு பகுதியை எடுத்தாலும் நுரையீரலில் இருப்பது அப்படியே இருக்கும். புண் ஆறுவதற்கே சில வாரம் போய்விடும். அவனுக்கு மிச்சமிருக்கும் காலமே அவ்வளவுதான் இருக்கலாம். இந்த வகைக் கட்டி கீமோவுக்கு அதிகம் மசியாது. கதிர்வீச்சு வாய்க்கட்டியைச் சுருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்க வேண்டும். அவன் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று எனக்குப் பயம்.

ஆகவே இனி வலியைத்தான் பார்க்கிறோம். சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் மெலோக்சிகாம் தர மாட்டேன். கபாபென்டினைக் குறைந்த அளவில் தொடங்குகிறேன். முதல் சில நாள் தள்ளாடுவான், பயப்படாதீர்கள். சோற்றைக் குழைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நல்லபடி சாப்பிட்டு வாலாட்டிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குறிக்காத நாள்கள் கூடிவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.”

பால்மரம்
கத்தி பட்டதால்தான் பரவியிருக்கும். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சும்மா விட்டிருந்தால் இன்னும் ரொம்ப நாள் இருப்பான் லா.

கிளினிக் செல்வி
அண்ணே, நான் நாய் பூனை கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். ஊசி போன வழியில் செல் ஒட்டிக்கொள்வது சில கட்டிகளில் உண்டு. மூத்திரப்பைக் கட்டி என்றால் டாக்டர்கள் வயிற்று வழியாகக் குத்தவே யோசிப்பார்கள். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் கருப்பனின் எக்ஸ்-ரேயில் நிழல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அது சில நாளில் வளர்கிற விஷயம் இல்லை. துண்டு எடுக்கும் முன்பே பரவியிருக்கும்.

லூனாஸ் தம்பி
எங்கள் ஜிம்மிக்கும் கட்டிதான், பின்பக்கம். எந்நேரமும் ரத்தம் சொட்டும். வாரம் ஒரு ஊசி போட்டார்கள், கட்டி கரைந்தே போச்சு. இன்னிக்கும் செம்பனைக் காட்டில் பன்றியை விரட்டுறான். அந்த ஊசியைக் கேட்டுப் பாருங்க அக்கா.

கிளினிக் செல்வி
தம்பி, அது நாய்க்கு நாய் இணைசேரும்போது ஒட்டுகிற கட்டியாக இருக்கும். வின்கிறிஸ்டின் ஊசிக்கு நன்றாகக் கேட்கும், தெருவில் சுற்றுகிற நாய்களுக்கு அடிக்கடி பார்க்கிறோம். மெலனோமா அதற்குக் கேட்காது. பார்வைக்கு எல்லாமே கட்டிதான், அதனால்தான் துண்டு எடுத்துப் பார்க்கிறார்கள்.

அக்கா, ஒன்று கவனம். கபாபென்டின் தீர்ந்தால் மனிதர்களுக்கான சிரப்பை ஃபார்மசியில் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கும், நாய்க்கு அது விஷம்.

தோட்டத்துக்காரி
நன்றி செல்வி. நேற்று கோழிக் கஞ்சி முழுக்கக் குடித்தான், அம்மா காலண்டரில் வட்டம் போட்டார். ஆனால் ஊசி போட்டு உயிரை நிம்மதியாக அனுப்பிவைக்கிற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அண்ணன் வேறு பினாங்கில் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று நிற்கிறான்.

பால்மரம்
உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. அதது போகிற நேரத்தில் போகட்டும்.

கிளினிக் செல்வி
தின்னாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன் அண்ணே, என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அது அவர்கள் வீட்டு முடிவு.

பினாங்குக்குப் போவதில் தப்பில்லை அக்கா. பயாப்சி ரிப்போர்ட், எக்ஸ்-ரே, ரத்த ரிசல்ட் மூன்றையும் முதலில் அனுப்பிக் கேளுங்கள். அதற்காக அவனைக் காரில் அலைக்கழிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொட்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.