20 பேர் வரை டேக் செய்யலாம் என்றால் 18 பேரிலேயே தடை ஏன்?

ஜவுளிப்பக்கம்:
இன்ஸ்டாகிராம்ல ஒரு பதிவுக்கு 20 பேரை டேக் பண்ணலாம். ஒரு கடை பரிசுப்போட்டிக்கு மூணு போஸ்டர் போட்டு, ஒவ்வொண்ணுலயும் 18 பேரை மட்டும் டேக் பண்ணுது. பத்தே நிமிஷத்துல "Try Again Later"ன்னு வந்து நிக்குது. வரம்பைத் தாண்டவே இல்லையே, அப்புறம் ஏன் தடை?

செந்தூரன்:
20க்குள்ள இருந்தா தப்பே கிடையாது. இது ஆப் கோளாறுதான். லாக் அவுட் பண்ணி, ஆப்பை அழிச்சு, திரும்பப் போட்டுட்டு மறுபடி டேக் பண்ணிப் பாருங்க.

மறுகரை:
செந்தூரன் சொல்வதில் பாதிதான் சரி. 20 என்பது ஒரு பதிவின் கொள்ளளவு. 21ஆவது பெயரைச் சேர்க்கப் போனால் ஆப் ஏற்காது, அவ்வளவுதான். அதற்குத் தண்டனை இல்லை. தடை வேறொரு கணக்கிலிருந்து வருகிறது: இந்தக் கணக்கு இவ்வளவு நேரத்துக்குள் எத்தனை பேரைத் தொந்தரவு செய்தது என்பதிலிருந்து.

மூன்று போஸ்டர், தலா 18 பேர் என்றால் 54 நோட்டிபிகேஷன். பத்து நிமிடத்தில் 54 என்பது ஸ்பேம் கணக்கு நடந்துகொள்ளும் விதம். அந்த 54 பேரில் பலர் கடையைப் பின்தொடராதவர்கள் என்றால் இன்னும் மோசம். சிலர் டேகை நீக்குவார்கள், சிலர் ரிப்போர்ட் அடிப்பார்கள், சிலர் கணக்கையே பிளாக் செய்வார்கள். இவை எல்லாம் சேர்ந்துதான் எடை கூடுகிறது.

ஆப்பை அழித்துப் போடுவதால் பயனில்லை. தடை கைபேசியில் இல்லை, சர்வரில் அந்தக் கணக்கின் மேல் இருக்கிறது. மறுபடி டேக் செய்து பார்ப்பது அதே நடத்தையைத் தொடர்வதுதான்.

பரிமளம்:
இது எனக்குப் புரியலைங்க. பேஸ்புக்ல ஒரே கல்யாணப் போட்டோவுல 48 பேரை டேக் பண்ணேன். ஒண்ணுமே ஆகலையே?

மறுகரை:
பேஸ்புக்கில் ஒரு படத்துக்கு 50 பேர் வரை இடமுண்டு, பரிமளம். உங்கள் 48 பேரும் நண்பர் பட்டியலில் இருப்பவர்கள், படத்திலும் நிற்கிறார்கள். அவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள், விருப்பம் போடுவார்கள். போஸ்டரில் டேக் ஆன 18 பேரில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. படத்தில் இல்லாதவர்களை டேக் செய்யவோ, அப்படிச் செய்யும்படி மற்றவர்களைத் தூண்டவோ கூடாது என்று இன்ஸ்டாகிராமின் போட்டி விதிகளிலேயே இருக்கிறது.

செந்தூரன்:
அப்போ எத்தனைன்னு எழுதி வைக்கட்டுமே! 20ஐ மட்டும் வெளியே சொல்லிட்டு, இன்னொரு எண்ணை மறைச்சு வெச்சா சின்னக் கடைக்காரன் எப்படித் தெரிஞ்சுப்பான்? காசு கட்டி விளம்பரம் போட வைக்கத்தான் இதெல்லாம்.

மறுகரை:
எண்ணைச் சொல்லாதது கடைக்காரருக்குக் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மணிக்கு 40" என்று சொன்னால் ஸ்பேம் அனுப்புகிறவன் சரியாக 39ல் நிற்பான். தடை காசுக்காகத்தான் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை.

கயல்:
கமெண்ட் பக்கத்தை யாருமே தொடலையே. போட்டிகள்ல அதிகம் மாட்டுறது கடை இல்ல, கலந்துக்கிறவங்கதான். ஒரே கமெண்ட்ல 5 பேருக்கு மேல @ போட்டா அது பதிவாகவே ஆகாது. அதைத் தவிர்க்க, "ஒரு கமெண்டுக்கு ஒரு நண்பர், எத்தனை கமெண்ட் வேணும்னாலும் போடலாம்"னு விதி வைக்கிறாங்க. ஆசையில ஒருத்தர் முப்பது கமெண்ட் போடுவார், பெயரை மட்டும் மாத்தி, அதே வாசகம். ஒரே கமெண்டைத் திரும்பத் திரும்பப் போடுறதும் தடுக்கப்படுற விஷயம்தான். கடைசியில அவருக்குக் கமெண்ட் பண்றதே நின்னுடும், திட்டு கடைக்கு விழும். "ஒருவருக்கு ஒரே கமெண்ட், இரண்டு நண்பர்கள்"னு வெச்சாலே இந்தச் சிக்கல் வராது.

ஜவுளிப்பக்கம்:
தடை விழுந்தாச்சுன்னா எத்தனை நாள்? 54 டேகையும் எடுத்துடலாமா?

மறுகரை:
பெரும்பாலும் சில மணி நேரம் முதல் சில நாள் வரை. அமைப்புகளில் "Account Status" திறந்து, ஏதாவது பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, எந்த வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். லைக், பாலோ ஆகியவற்றைத் தானாகச் செய்யும் வெளி ஆப் ஏதாவது இணைந்திருந்தால் அதன் அனுமதியை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். டேகைக் குறைத்தும் தடை திரும்பத் திரும்ப வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். டேகுகளை இப்போது தொடாதீர்கள். மூன்று பதிவையும் அவசரமாகத் திருத்துவது இன்னொரு செயல் குவியல் ஆகும்.

செந்தூரன்:
இதுல நான் ஒத்துக்க மாட்டேன். டேக் அங்கேயே இருந்தா அந்த 54 பேர்ல இன்னும் பார்க்காதவங்க நாளைக்குப் பார்த்து ரிப்போர்ட் அடிப்பாங்க. தடை விலகின உடனே, ஒரு நாளைக்கு ஒரு போஸ்டர் வீதம் டேகை எடுத்துடணும்.

கயல்:
தடை விலகின பிறகுன்னா சரிதான். ஆனா எடுத்துட்டு, வேற 18 பேரைப் புதுசா சேர்த்துடாதீங்க. பழைய பதிவைத் திருத்தி டேக் பண்ணாலும் நோட்டிபிகேஷன் போகும்.