ஃபார்ம்ல எல்லாரும் 9, 10 போடுறாங்க. பிளவுஸ் மட்டும் திருத்தத்துக்குத் திரும்பி வருது. கேள்வியை எப்படி மாத்துறது?

திருநகர் தையல்

வணக்கம். திருநகர்ல மூணு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். ஆவணி முகூர்த்த சீசன்ல ஒரு கருத்துச் சீட்டு அடிச்சேன், போஸ்ட்கார்டு அளவு. பிளவுஸைக் கவர்ல போட்டுக் கொடுக்கும்போதே பேனாவையும் சீட்டையும் நீட்டுவேன். முதல் கேள்வி இது: "எங்கள் தையல் தரம் மற்றும் சேவைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரவும்". அடுத்து ஊழியர் பழகும் விதம், கூலி, ரெண்டுக்கும் அதே 1 முதல் 10.

62 சீட்டு சேர்ந்துச்சு. முதல் கேள்விக்குச் சராசரி 8.7. சந்தோஷப்பட்டேன். ஆனா அதே மாசம் 14 பிளவுஸ் திருத்தத்துக்குத் திரும்பி வந்துச்சு, அதுக்கு முந்தின மாசத்தைவிட அதிகம். சீட்டுல அதைப் பத்தி ஒரு குறிப்புகூட இல்லை. இன்னொண்ணு, ரெண்டு பேர் 1 போட்டிருக்காங்க. அதுல ஒருத்தவங்க கீழேயே "ரொம்ப நல்லா தச்சிருக்கீங்க, அடுத்த தடவையும் இங்கதான்"னு எழுதியிருக்காங்க.

10-ஐ 5 ஆக்கினா சரியாகுமா? ஸ்டார் போடலாமா? சிரிச்ச முகம், அழுத முகம் போடலாமா?

மாட்டுத்தாவணி கார்த்தி

அக்கா, அளவுகோலை மாத்த வேண்டாம், கேள்வியை மாத்துங்க. "எங்கள் கடையை உங்கள் உறவினருக்குச் சொல்வீர்களா?"ன்னு ஒரே கேள்வி, 0 முதல் 10. 9, 10 போட்டவங்க எத்தனை சதவீதம், 0 முதல் 6 வரை போட்டவங்க எத்தனை சதவீதம்னு பார்த்து, முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா ஒரு எண் வரும். என்.பி.எஸ்.னு சொல்வாங்க. ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003-ல எழுதினது. நான் வேலை பார்க்கிற ஷோரூம்ல அதைத்தான் மாசாமாசம் பார்க்கிறோம். ஒரே கேள்விங்கிறதால ஆளுங்க சலிக்காம போடுறாங்க.

பழைய சர்வேக்காரர்

தம்பி சொல்றதுல பாதி சரி. கேள்வி குறைவா இருக்கணும், அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அந்த எண் இந்தக் கடைக்கு உதவாது. அம்மா, உங்க 62 சீட்டுல 9, 10 போட்டவங்க எத்தனை பேர், 6-ம் அதுக்குக் கீழேயும் எத்தனை பேர்னு சொல்லுங்க, கணக்குப் போட்டே காட்டுறேன். அதோட, திருத்தத்துக்கு வந்த அந்த 14 பேரும் என்ன மதிப்பெண் போட்டாங்கன்னு பார்க்க முடியுமா?

திருநகர் தையல்

9, 10 போட்டவங்க 44. 7, 8 போட்டவங்க 12. 6-ம் கீழேயும் 6 பேர், அந்த ரெண்டு 1-ம் இதுல சேர்த்தி.

சீட்டுல பில் நம்பர் எழுதி வச்சிருந்ததால ஒத்துப் பார்க்க முடிஞ்சுது. அந்த 14 பேர்ல சீட்டு போட்டவங்க 9 பேர். அதுல 7 பேர் 9 இல்லேன்னா 10 போட்டிருக்காங்க! பார்த்ததும் எனக்கே திக்குன்னு ஆயிருச்சு.

உசிலம்பட்டி மெஸ்

நானும் பார்சல் பையில சீட்டு வைக்கிறேன், மேப்ல 5 ஸ்டார் போடச் சொல்லி. ஆனா எல்லாரும் 4 தான் போடுறாங்க. அஞ்சு வாங்குறதுக்கு வழி இருந்தா எனக்கும் சொல்லுங்க.

சீட்டுன்னதும் ஞாபகம் வருது. முன்ன ஒரு தடவை "அருமை, நன்று, பரவாயில்லை, மோசம்"னு நாலு கட்டம் போட்டு மேசையில வச்சேன். தினமும் வர்ற ஒரு சார் குழம்புக்குப் பரவாயில்லைன்னு டிக் அடிச்சிட்டுப் போனாரு. நான் மாஸ்டரைக் கூப்பிட்டு நல்லா சத்தம் போட்டுட்டேன். மறுநாள் அவரே வந்து, "நேத்து குழம்பு பரவாயில்லையே, இன்னைக்கும் அதே மாஸ்டர்தானே"ன்னு கேட்டாரு. அவருக்குப் பரவாயில்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். மாஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

பழைய சர்வேக்காரர்

மெஸ்காரர் கேட்டது வேற விஷயம், ஸ்டார் வாங்குறது நமக்கு இங்க நோக்கமில்லை. ஆனா அவர் சொன்ன கதைதான் இந்த இழைக்கே உயிர். 25 வருஷம் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டின்னு வீடு வீடா கேள்வித்தாளோட அலைஞ்சவன் நான். "பரவாயில்லை", "சுமார்" இந்த ரெண்டு சொல்லையும் அளவுகோல்ல போடவே மாட்டேன். பரவாயில்லைங்கிறது ஒருத்தருக்குப் பாராட்டு, இன்னொருத்தருக்கு "சரி விடுங்க". சுமார்னா சில பேருக்கு நடுத்தரம், நம்ம பக்கத்துல பல பேருக்கு அது நேரா குறைதான். குரலைக் கேட்டா எதுன்னு தெரியும். காகிதத்துல டிக் மட்டும் இருந்தா தெரியாது.

எண்ணுக்கும் அதே கதி. நம்ம ஊர்ல 1-ன்னா முதல் ரேங்க். பள்ளிக்கூடத்துல இருந்து அப்படித்தான் மனசுல பதிஞ்சிருக்கு. பாராட்டி எழுதிட்டு 1 போட்டவங்க உங்களுக்கு முதல் ரேங்க் கொடுத்திருக்காங்க. இப்ப கார்த்தி தம்பி கணக்கைப் போடுவோம். 44-ல 6 போனா 38. 62-க்கு 38-ன்னா 61. அந்த ஒரு 1-ஐ 10-ன்னு திருத்தினா 40, அது 65-க்குக் கிட்ட. இன்னொரு 1-ம் அப்படித்தான்னா 42, அதாவது 68. ரெண்டே ரெண்டு பேர் எண்ணைப் புரிஞ்சுக்கிட்ட விதத்துல 61, 68 ஆகுது. ஆயிரக்கணக்குல சீட்டு வர்ற இடத்துல இது கரைஞ்சு போயிரும், 62-ல கரையாது.

ஆனா உங்க பெரிய சிக்கல் அளவுகோலே இல்லை, நேரம். பிளவுஸைக் கவர்ல போட்டுக் கையில கொடுத்த நிமிஷத்துல கேட்கிறீங்க. அவங்க இன்னும் போட்டே பார்க்கலை. போடாத பிளவுஸுக்குக் கை பிடிக்குதா, தோள் இறங்குதான்னு எப்படிச் சொல்வாங்க? உங்க முகத்தைப் பார்த்து 10 போட்டாங்க. அந்த ஏழு பேரும் பொய் சொல்லலை, நீங்க எதிர்ல நின்னதுக்கு மரியாதை கொடுத்திருக்காங்க. 5 ஆக்கினாலும் ஸ்டார் ஆக்கினாலும் முகம் ஆக்கினாலும் இது மாறாது.

அதனால நாலஞ்சு நாள் கழிச்சுக் கேளுங்க. எண் வேண்டாம், மதிப்புச் சொல்லும் வேண்டாம். என்ன நடந்ததுன்னு கேளுங்க. "தரம் மற்றும் சேவை"ன்னு ரெண்டை ஒண்ணாக் கட்டினதையும் பிரிச்சிருங்க. தையல் பிடிச்சு, தேதி தள்ளிப்போனது பிடிக்காதவங்க எந்த எண்ணைப் போடுவாங்க?

திருநகர் தையல்

ஐயா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உட்கார்ந்து எழுதினேன், சரியா பாருங்க:

"பிளவுஸ் உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது." முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன் / ஒப்புக்கொள்கிறேன் / நடுநிலை / மறுக்கிறேன் / முற்றிலும் மறுக்கிறேன்.

பழைய சர்வேக்காரர்

இது லிக்கர்ட் 1932-ல கொடுத்த வடிவம், தப்பில்லை. ஆனா நாமே ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லிட்டு "ஆமாவா"ன்னு கேட்டா, நம்ம ஆளுங்க "ஆமா"ன்னுதான் சொல்வாங்க. மறுக்கிறேன்னு கடைக்காரம்மாகிட்டச் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. இப்படி மாத்திப் பாருங்க:

"பிளவுஸைப் போட்டுப் பார்த்தபோது என்ன ஆச்சு?"
அப்படியே போட்டேன்
சின்னதாப் பிரிச்சுத் தச்சுப் போட்டேன்
பெரிய திருத்தம் தேவைப்பட்டது
போடவே முடியலை
இன்னும் போட்டுப் பார்க்கலை

முதல் நாலும் நல்லதுல இருந்து கெட்டதுக்கு வரிசையா இறங்குது, ஒவ்வொரு படியும் கண்ணால பார்த்த சங்கதி. அஞ்சாவது படி இல்லை, அது வெளியே. அதைக் கொடுக்கலேன்னா போடாதவங்களும் முதல் கட்டத்துல டிக் அடிச்சிருவாங்க. எண்ணும்போது அவங்களைத் தள்ளிட்டு மீதிப் பேரை மட்டும் எடுங்க. திருத்தம்னு சொன்னவங்ககிட்ட மட்டும் "எந்த இடம்?"னு கேளுங்க: கை, தோள், கழுத்து, மார்பு, இடுப்பு. சராசரி போடாதீங்க, ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை பேர்னு எண்ணுங்க. போதும்.

மாட்டுத்தாவணி கார்த்தி

நடுக்கட்டம் வேண்டாமா ஐயா? அஞ்சு படி இருந்தாத்தான் நடுவுல நிக்கிறவங்களுக்கு இடம் இருக்கும்னு எங்க ட்ரெயினிங்ல சொன்னாங்க.

பழைய சர்வேக்காரர்

அபிப்பிராயம் கேட்டா நடு வேணும்னு நானும் சொல்வேன். பிளவுஸ் பிரிச்சாங்களா இல்லையாங்கிறதுல நடு எங்க இருக்கு? கூலியைப் பத்திக் கேட்கிறப்ப வேணும்னா வைக்கலாம். அதுல எங்க ஆளுங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி உண்டு.

அவனியாபுரம் ஷீட்

அக்கா, வாட்ஸ்அப்ல அனுப்புறதா இருந்தா கூகுள் ஃபார்ம்ல `Linear scale` எடுக்காதீங்க. அதுல ரெண்டு முனைக்கு மட்டும்தான் பேர் வைக்க முடியும், நடுவுல எல்லாம் வெறும் எண். `Multiple choice` எடுத்தா அஞ்சு வரியும் முழுசா எழுதலாம். `Shuffle option order` ஆஃப்லயே இருக்கட்டும், படி வரிசை கலையக் கூடாது. பதில் ஷீட்ல C காலத்துல விழுந்தா எண்ணுறதுக்கு இது போதும்:

```
=COUNTIF(C2:C100,"அப்படியே போட்டேன்")
```

ஃபார்ம்ல எழுதின எழுத்து அப்படியே இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் 0-ன்னு காட்டும்.

திருநகர் தையல்

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்றேன். வாட்ஸ்அப்ல ஃபார்ம் அனுப்பினா பாதிப் பேர் திறக்கவே இல்லை, அதனால நாலாம் நாள் போன் பண்ணி அதே வரிகளைப் படிச்சுக் காட்டிக் கேட்டேன். 25 பேருக்குக் கொடுத்ததுல 19 பேர் பதில் சொன்னாங்க. அப்படியே போட்டவங்க 10. சின்னதாப் பிரிச்சவங்க 4, பெரிய திருத்தம் 2, போடவே முடியலைன்னு யாரும் இல்லை. இன்னும் போடாதவங்க 3. ஆக, போட்டுப் பார்த்த 16 பேர்ல 6 பேருக்குத் திருத்தம். சின்னதாப் பிரிச்ச நாலு பேரும் என் கடைக்கு வரவே இல்லை, வீட்டுலயே பிரிச்சுக்கிட்டாங்க. கேட்கலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

இடம் கேட்டப்ப அந்த ஆறுல அஞ்சு பேர் சொன்னது கை. கட்டிங் போடுற தம்பியை உட்கார வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்தோம். அந்த அஞ்சும் அளவு பிளவுஸ் வாங்கித் தச்சது, டேப் வச்சு உடம்புல எடுத்தது ஒண்ணுகூட இல்லை. வருஷக்கணக்கா போட்டுப் போட்டுக் கை இளகின பிளவுஸைக் கொடுத்திருக்காங்க. துணி இழுவையில அது பிடிக்காம இருந்திருக்கு, அதே இஞ்ச்ல புதுத் துணி லைனிங்கோட தச்சா பிடிக்குது. இப்ப அளவு பிளவுஸ் கொடுத்தாலும் கை சுற்று மட்டும் டேப்ல எடுக்கிறோம்.

ஒரு சந்தேகம் இன்னும் இருக்கு. முதல் பத்துப் பதினஞ்சு போனை நான் பண்ணேன், மீதியை என் நாத்தனார் பண்ணாங்க. திருத்தம்னு சொன்ன ஆறு பேர்ல அஞ்சு பேர் அவங்க பேசினவங்க. என்கிட்ட ஒருத்தர்தான் சொன்னாங்க. எங்கிட்டச் சொல்லக் கூச்சப்படுறாங்களோ?

பழைய சர்வேக்காரர்

கூச்சமாவும் இருக்கலாம், அந்தப் பக்கம் இளகின பிளவுஸ் கொடுத்தவங்க தற்செயலா சேர்ந்திருக்கவும் செய்யலாம். 19 பேரை வச்சு இதுன்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் ஒத்தைப்படை பில் நம்பரை நீங்க எடுங்க, இரட்டைப்படையை நாத்தனார் எடுக்கட்டும். ரெண்டு பேரும் அதே வரியை அதே மாதிரி படிங்க, நடுவுல "நல்லா இருந்துச்சுல்ல?"ன்னு சேர்க்காதீங்க. ரெண்டு பேருக்கும் முப்பது முப்பது சேர்ந்ததும் எண்ணிப் பார்த்து இங்க எழுதுங்க.

திருநகர் தையல்

சரிங்க ஐயா. அந்த "நல்லா இருந்துச்சுல்ல"வை நான் ரெண்டு மூணு பேர்கிட்டக் கேட்டிருக்கேன், இப்பதான் ஞாபகம் வருது. அந்த ரெண்டாவது 1 போட்டவங்க போன் நம்பர் பில்லுல இல்லை. அவங்க என்ன நினைச்சுப் போட்டாங்கன்னு மறுபடி வந்தாத்தான் கேட்கணும்.