பாட்டியின் ரகசியக் குரலும் எம்பி3யும்: கேசட்டை மறுபடி ஏற்றலாமா?

நாடாப்பிரியன்
பாட்டி கதை சொன்ன 60 நிமிடக் கேசட். மாமா முன்பு கணினியில் ஏற்றி, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி எல்லோருக்கும் கொடுத்தார். இரைச்சலைக் குறைக்கலாம் என்று போன வாரம் ஆடாசிட்டியில் திறந்தேன். அரக்கன் தூங்கும் இடத்தில் பாட்டி குரலைத் தாழ்த்தி, "உஸ்... மூச்சு விடாதே" என்பார். இரைச்சல் நீக்கியதும் அந்த "உஸ்" போயே போய்விட்டது. மிஞ்சியது தண்ணீருக்கு அடியில் யாரோ முணுமுணுப்பது போன்ற சத்தம். அளவைக் குறைத்துப் பார்த்தாலும் அந்தக் களகளப்பு போகவில்லை. கேசட் இன்னும் கையில் இருக்கிறது. எதையும் வெட்டாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் மறுபடி ஏற்றினால் அந்த இடம் பிழைக்குமா?

கேட்டவரை_போதும்
கேசட்டில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதற்கு ஃபிளாக் எதற்கு? அப்பாவின் மேடைப்பேச்சை 320 எம்பி3யில் வைத்திருக்கிறேன். மூலக் கேசட்டையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டேன், வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய_ஸ்பூல்
கேட்பதற்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் இவர் கேட்டது திருத்துவதைப் பற்றி. எம்பி3 காதுக்குத் தெரியாது என்று நினைப்பதைத்தான் வெட்டும். ஒழுங்கே இல்லாத நாடா இரைச்சலைச் சுருக்குவது அதற்குக் கடினம். 128இல் அதற்கு ஒதுக்க இடமும் போதாது. அதனால் ஒரு கணம் இரைச்சலை வைத்துக்கொள்ளும், அடுத்த கணம் பாதியை விட்டுவிடும். இரைச்சல் நீக்கும் கருவியோ, பேச்சில்லாத ஓர் இடத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு, இரைச்சல் நெடுகிலும் அதே மாதிரிதான் இருக்கும் என்று நம்பி வேலை செய்கிறது. மாதிரியே ஆடிக்கொண்டிருந்தால் அது எதைக் கழிக்கும்? அந்தக் களகளப்பு அங்கிருந்துதான் வருகிறது.

மறுபடி ஏற்றுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோவாக ஒரு மணி நேரம் வேவ் கோப்பில் ஏறக்குறைய 1 ஜிபி வரும், ஃபிளாக்கில் அதைவிட நன்றாகவே குறையும். அந்தக் கோப்பில் கை வைக்காமல், நகலில் மட்டும் 6 டெசிபல் அளவுக்கு இரைச்சலைக் குறையுங்கள். ஆனால் ஒன்று. ரகசியக் குரலும் வெறும் காற்றுச் சத்தம்தான், இரைச்சலுக்கு நெருங்கிய உறவு. ஃபிளாக்கிலிருந்து செய்தாலும் அந்த "உஸ்" கொஞ்சம் அடிபடலாம். நான் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவேன்.

மாடிவீட்டு_ரேடியோ
எனக்கு நடந்தது வேறு. சித்தியின் பாட்டுக் கேசட்டுகளை வெளியே கொடுத்து ஃபிளாக்காக வாங்கினோம். கோப்பு பெரியது, பெயரும் .flac. ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே அளவுகோல் வைத்து வெட்டியது போல ஒரு நேர்க்கோடு, அதற்கு மேல் கருப்பு. பாட்டு அந்த உயரத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் நாடா இரைச்சல் அப்படி ஒரே கோட்டில் நிற்காது, மேலே போகப் போக மெல்லத்தான் தேயும். எம்பி3 ஆகப் பிடித்து அதை ஃபிளாக்காக மாற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "இழப்பில்லாத வடிவம்தானே கேட்டீர்கள்" என்றார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

கேட்டவரை_போதும்
அது ஏமாற்று வேலை, எம்பி3யின் குற்றம் இல்லை. இருபது கேசட் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்தால் டிஸ்க் என்னவாகும்?

பழைய_ஸ்பூல்
ஒரு சின்ன பென் டிரைவே போதும். ஃபிளாக்கில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்தபோது ஒரு கோப்பு பாதியில் கெட்டிருந்தது. போட்டுக் கேட்டுப் பார்க்காமலே இது காட்டிக்கொடுத்தது:

```
flac -t paatti_A.flac
```

ஃபிளாக் கோப்புக்குள்ளேயே சரிபார்ப்பு எண் இருக்கிறது. வேவ் கோப்பில் அது கிடையாது.

சுத்தமான_ஹெட்
எனக்கும் ஒரு கேசட் இருந்தது, மாமனாருடையது. நடுவில் சிக்கிக்கொண்டது. அதனால் சொல்கிறேன்: வடிவத்துக்கு முன் ஹெட்டைப் பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். ரப்பர் உருளையையும் விடாதீர்கள், பழுப்பு நிறம் வருவது நின்றால் போதும். கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் பதியுங்கள். ஹெட்டின் சாய்வு சரியில்லை என்றால் "ஸ", "ஷ" எல்லாம் மழுங்கும். பக்கத்தில் இருக்கும் சின்ன திருகை, சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். மங்கலாக ஏற்றியதை ஃபிளாக்கில் வைத்தால் மங்கலாகவே பத்திரமாக இருக்கும்.

நாடாப்பிரியன்
சாய்வு பற்றி நல்லவேளை சொன்னீர்கள். மாமாவின் கோப்பில் "உஸ்" முதலிலிருந்தே மங்கல்தான். அப்படியானால் எம்பி3யால் போனது எவ்வளவு, ஹெட்டால் போனது எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைத் துடைத்துத் திருகைச் சரிசெய்து ஏற்றுகிறேன். அந்த ஒரு நிமிடத்தை இரண்டு கோப்பிலிருந்தும் வெட்டி, இரைச்சல் நீக்காமல் இங்கே போடுகிறேன்.