ஃபிடிலிட்டி கேரண்டி: ‘நாணயக் காப்பீடு’ சரிவருமா?

மாலதி: வணிகவியல் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் ஒரு கணக்கு: ரொக்க ஏட்டில் இருப்பு ரூ. 3,60,000. தணிக்கையாளர் பெட்டியைத் திறந்து எண்ணினால் 40,000தான். மீதி காசாளர் கையில். ‘கையாடல்’ பழகிய சொல், பிரச்சினையில்லை. இடிப்பது, ஊழியரே கையாடினால் அந்த நட்டத்தை ஈடுகட்டும் ஃபிடிலிட்டி கேரண்டி இன்சூரன்ஸ். ‘நாணயமான ஆள்’ என்கிறோமே, அதை வைத்து ‘நாணயக் காப்பீடு’ என்று போட்டேன்.

குமரேசன்: நல்லாருக்குங்க. எங்க கடைக்கும் அது இருக்கு. பேங்குக்குப் போன பையன்கிட்ட வழியில பையைப் பறிச்சிட்டாங்க. கிளெய்ம் வந்துச்சு.

ராமநாதன்: அது பணக் காப்பீடு சார், மணி இன்சூரன்ஸ். வெளியாள் பறித்தால் கைகொடுக்கும். அந்தப் பையனே அமுக்கியிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. மாலதி, உங்கள் சொல்லின் கோளாறை குமரேசனே காட்டிவிட்டார். நாணயம் என்றதும் காசுதான் கண்ணில் படுகிறது. ‘ஊழியர் நாணயக் காப்பீடு’ என்று நீட்டிவிடுங்கள்.

மாலதி: நீட்டிவிட்டேன். பாலிசி வரம்பு 2,00,000. பதிவு எப்படி?

சுரேஷ்: காப்பீட்டில் வரவேண்டியது 2,00,000, காசாளரிடம் வரவேண்டியது 1,20,000, இரண்டும் பற்று, ரொக்கம் வரவு. நட்டமே இல்லை!

ராமநாதன்: இரண்டும் உறுதியான பிறகு அப்படி முடியலாம். பிடிபட்ட அன்றே எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். முதலில் 3,20,000 முழுவதும் கையாடல் நட்டம் பற்று, ரொக்கம் வரவு. கிளெய்ம் கிடைப்பது ஏறக்குறைய நிச்சயமானதும் 2,00,000-ஐக் காப்பீட்டு நிறுவனத்தின் பேரில் பற்று வைத்து நட்டத்தைக் குறைக்கலாம். தகவல் தாமதம், போலீஸ் புகார் இல்லை என்று அவர்கள் கைவிரிப்பதும் உண்டு. காசாளர் கதை இன்னும் மோசம். நான் பார்த்த ஒருவர் முழுத்தொகையும் தருவதாக எழுதிக் கொடுத்தார். 30,000 கட்டிவிட்டுப் போனவர்தான். எனவே ‘வரவேண்டியது’ வேண்டாம், வந்துவிடும் போலத் தொனிக்கிறது. ‘ஊழியரிடம் மீட்கத்தக்கது’ என்று வையுங்கள். எழுதிக் கொடுத்த தாளை நம்பி அல்ல, ஆளின் வசதியைப் பார்த்துத் தொகையைப் போட வேண்டும்.

சுரேஷ்: அப்போ வரிக் கணக்கில் முழு நட்டத்தையும் கழிக்கலாமா?

ராமநாதன்: தொழிலோடு ஒட்டிய நட்டம்தான். பிடிபட்ட ஆண்டிலேயே கழிக்கலாம் என்று 1965-லேயே சுற்றறிக்கை இருக்கிறது. பின்னால் மீட்டது அந்தந்த ஆண்டு வருமானத்தில் ஏறும்.

தர்ஷினி: யாழ்ப்பாணத்திலயிருந்து. எங்களுக்குக் காப்பீடு இல்லை, காப்புறுதி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்டு: உங்கட பற்று எங்களுக்கு வரவு, உங்கட வரவு எங்களுக்குச் செலவு. ‘ரொக்கம் வரவு’ எண்டு கண்டால் எங்கட பிள்ளையள் காசு திரும்பி வந்திட்டுது எண்டு நினைப்பினம். ‘மீட்கத்தக்கது’க்குப் பதிலா ‘அறவிட வேண்டியது’ எண்டு போடுங்கோவன்.

ராமநாதன்: அறவிடுதல் இங்கே யாருக்கும் புரியாதே அம்மா.

மாலதி: பற்று, வரவு பக்கத்துக்கு அடிக்குறிப்பு போடுகிறேன். மீட்கத்தக்கதா, அறவிட வேண்டியதா என்பதை இன்னும் இரண்டு பேர் சொல்லட்டும்.