ஒன்றிணைத்த கட்டத்தின் மதிப்பைக் கீழே இறக்குவதற்கு என்ன சொல்?

மஞ்சக்குப்பம் ஆசிரியை

வணக்கம். எங்கள் கடலூர் பள்ளியின் பழைய மதிப்பெண் பதிவேட்டைச் சிஎஸ்வி கோப்பாக மாற்றி வருகிறேன். கையால் கோடு போட்ட பக்கங்கள். இடது ஓரத்தில் 'அ பிரிவு' என்று ஒரே முறை எழுதி, அந்தக் கட்டத்தைப் பிரிவின் கடைசி மாணவர் வரை நீட்டியிருக்கிறார்கள். எக்செலிலும் அப்படியே கட்டங்களை இணைத்துத் தட்டச்சு செய்தேன். சிஎஸ்வியாகச் சேமித்தால் முதல் மாணவருக்கு மட்டும் பிரிவு நிற்கிறது, மற்றவர்களுக்கு வெற்றிடம். மேலே இருப்பதைக் கீழே இறக்கி நிரப்ப வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதுவதால் இந்த வேலைக்கு ஒரு சொல் தேவை. 'கீழ்நிரப்பு' சரியா?

லாஸ்பேட்டை

'தொடர்நிரப்பு' என்று வையுங்கள் அம்மா. வேலையும் சுலபம்தான். முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து இணைப்பைப் பிரியுங்கள். அப்புறம் வெற்றுக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, `=` தட்டி, மேல் அம்புக்குறியை அழுத்தி, `Ctrl+Enter` கொடுத்தால் எல்லாம் நிரம்பிவிடும்.

பண்ருட்டி நூலகர்

பிரிவு என்ற நெடுவரிசைக்கு இது சரி. முழுப் பட்டியலுக்கும் செய்தால் பெரிய சேதம். தேர்வுக்கு வராத மாணவரின் கட்டமும் பல பதிவேடுகளில் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு வரிசையில் தமிழ் 62, ஆங்கிலம் 41, கணக்கு வெற்று, அறிவியல் 55, சமூக அறிவியல் 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைக்காரரின் கணக்கு 37. உங்கள் முறையில் வராத பிள்ளைக்கு 37 விழும். பதிவேட்டின் மொத்தம் 206 என்கிறது, கூட்டினால் 243 வருகிறது. மொத்த நெடுவரிசை இருப்பதால் பிடிபட்டது. அது இல்லாத பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

ஆகவே நெடுவரிசையைப் பெயர் சொல்லி மட்டும் நிரப்ப வேண்டும். பைத்தானில் என்றால்:

```
import pandas as pd
df = pd.read_csv("pathivedu.csv", dtype=str)
df["பிரிவு"] = df["பிரிவு"].ffill()
```

`dtype=str` இல்லாவிட்டால் 047 என்ற சேர்க்கை எண் 47 ஆகிவிடும்.

சொல்லைப் பற்றி: 'தொடர்நிரப்பு' என்றால் 1, 2, 3 என்று எண்களைத் தொடர்ந்து போடுவதாக ஆசிரியர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'கீழ்நிரப்பு' தெளிவு, ஆனால் தலைப்பு வரிசைக்குப் பொருந்தாது. 'காலாண்டு' என்று ஐந்து பாடங்களுக்கு மேல் ஒரே கட்டமாக எழுதியதை வலப்பக்கம் அல்லவா பரப்புகிறோம், `காலாண்டு_தமிழ்`, `காலாண்டு_ஆங்கிலம்` என்று? இரண்டு திசைக்கும் பொருந்துவது 'மேற்படி நிரப்பல்'. பதிவேடு எழுதிப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

முத்தியால்பேட்டை

கோடுகள்தான் எனக்கும் தலைவலி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் பெரியம்மாவின் மதிப்பெண் தாள்களை ஸ்கேன் செய்தேன். அதில் எல்லாமே 20-க்குத்தான். எழுத்துணரி நெடுக்குக் கோட்டை 1 என்று படித்து, 4 என்பதை 14 ஆக்குகிறது. கோட்டை அழிக்க ஏதாவது சொல் இருக்கிறதா?

பண்ருட்டி நூலகர்

ஐயா, இங்கே பேசுவது தட்டச்சு செய்த பின் வரும் வெற்றிடத்தைப் பற்றி. ஆனாலும் உங்கள் தாளில் 14 நம்பும்படி இருப்பதுதான் ஆபத்து. 24 வந்திருந்தால் 20-ஐத் தாண்டியதுமே தெரிந்திருக்கும். அங்கேயும் மொத்தத்தோடு கூட்டிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

'மேற்படி' பிடித்திருக்கிறது. பதிவேட்டிலேயே சில பக்கங்களில் தந்தை பெயருக்கு நேரே ௸ குறி போட்டிருக்கிறார்கள், அண்ணன் தம்பி அடுத்தடுத்து வரும் இடத்தில். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. நடுவில் பள்ளியை விட்டுப் போன ஒரு மாணவிக்கு ஐந்து பாடக் கட்டங்களையும் சேர்த்து, மாற்றுச் சான்றிதழைச் சுருக்கி 'மா.சா. பெற்றார்' என்று எழுதியிருக்கிறது. இதுவும் இணைந்த கட்டம்தான். இதையும் மேற்படி நிரப்பலா?

பண்ருட்டி நூலகர்

கூடாது. 'அ பிரிவு' ஒவ்வொரு மாணவருக்கும் உரிய மதிப்பு. 'மா.சா. பெற்றார்' அந்த மாணவியைப் பற்றிய ஒரே செய்தி, இடம் கிடைத்ததால் ஐந்து கட்டத்தில் நீண்டிருக்கிறது. ஐந்திலும் நிரப்பினால் தமிழ் மதிப்பெண்ணே 'மா.சா. பெற்றார்' என்றாகும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை போட்டு அங்கே ஒரு முறை எழுதுங்கள். பாடங்கள் ஐந்தும் வெறுமையாக இருக்கட்டும். இதைக் 'குறுக்குக் குறிப்பு' என்று சொல்லலாமா? தேர்வுக்கு வராதவருக்கும் வெறுமையாக விடாமல் 'வரவில்லை' என்று எழுதிவிடுங்கள். இரண்டு வெற்றிடமும் கலக்காது.

இன்னொன்று, பக்க எண்ணையும் ஒரு நெடுவரிசையாக வைத்து, மேற்படி நிரப்பலைப் பக்கத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். இடையில் ஒரு தாள் கிழிந்து போயிருந்தால் 'ஆ பிரிவு' பிள்ளைகள் 'அ'-வில் சேர்ந்துவிடுவார்கள்.

லாஸ்பேட்டை

வெற்றிடத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். 'குறுக்குக் குறிப்பு' நல்ல சொல். ஆனால் 'மேற்படி' பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்லாக ஒலிக்கிறதே, இளம் ஆசிரியர்களுக்குப் பழக்கம் இருக்குமா? என் வாக்கு 'கீழ்நிரப்பு', 'வலநிரப்பு' என்று இரண்டு சொல்லுக்கு.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

இரண்டையும் வழிகாட்டியில் வைத்து, பள்ளியில் நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்கிறேன். ௸ குறியைக் கோப்பில் அப்படியே விடுவதா, தந்தை பெயராக மாற்றுவதா என்பதற்கு யாராவது பதில் எழுதுங்கள்.