தவணை தப்பிய பிறகு எழுதிய கடிதம்: உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

பதினோரு ஆண்டுகளாகப் பிரதி செப்பனிடும் வேலை செய்து வருகிறேன். ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் தம் ஊரின் வாய்க்கால்களைப் பற்றி 300 பக்கத்தில் எழுதிய நூலை மே 20க்குள் செப்பனிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டு, தவறிவிட்டேன். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் நூலை வெளியிட வேண்டும் என்பது அவருடைய பல ஆண்டு ஆசை.

நாளுக்கு 12 பக்கம் வீதம் 25 வேலை நாள் என்று கணக்கிட்டிருந்தேன். முதல் ஏழு நாள் அப்படியே நடந்தது. மூன்றாம் இயலில், பழைய கிராமக் கணக்கிலிருந்து எடுத்த ஒரு குறிப்பில், நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு 1334இல் வெள்ளத்துக்காகத் தீர்வை தள்ளுபடியானது என்று எழுதி, அதை 1927 என்று ஐயா மாற்றியிருந்தார். காவிரியின் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது என்பதை இந்தப் பக்கத்தில் யார் வீட்டுப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் பக்கத்துப் பசலியோடு 590 கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு வரும். அவர் 593 கூட்டியிருந்தார். பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஜூன் வரை செல்வதால், 1334 என்பது 1924-25 ஆகிறது. ஆக, நூலில் பசலி வரும் ஒவ்வோர் இடத்தையும் மூலக் குறிப்போடு ஒப்பிட வேண்டியதாயிற்று. வேகம் நாளுக்கு 7 பக்கமாகக் குறைந்தது.

வேகம் குறைந்தது என் பிழையன்று. மே 8ஆம் தேதியே இது முடியாது என்று தெரிந்தும், எப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று பேசாமல் இருந்ததுதான் பிழை. கடைசி நாளில் "இன்னும் சில நாள்களில் அனுப்பிவிடுகிறேன், மன்னிக்கவும்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். அவரிடமிருந்து பதிலே வரவில்லை. மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தபோது, "அம்மா, சில நாள் என்றால் நான் அச்சகத்தில் என்ன சொல்வது?" என்று மட்டும் கேட்டார். அன்று மதியம் உட்கார்ந்து எழுதிய கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> மே 20 அன்று தர வேண்டிய பிரதியை நான் தரவில்லை. அதைவிட, தாமதமாகும் என்பது மே 8ஆம் தேதியே எனக்குத் தெரிந்திருந்தும் தங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். இரண்டுக்கும் மன்னிப்புக் கோருகிறேன்.
>
> இன்றைய நிலை: 210 பக்கம் முடிந்துள்ளது, 90 பக்கம் மீதம் உள்ளது. கடந்த 18 வேலை நாளில் 126 பக்கம் செய்திருக்கிறேன். அதே வேகத்தில் மீதிக்கு 13 நாளும், முடிந்த பக்கங்களில் பசலி ஆண்டுகளைச் சரிபார்க்க 3 நாளும் தேவை. ஞாயிறுகளை நீக்கினால் ஜூன் 8 ஆகிறது. மின்தடைக்கும் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கும் இடம் விட்டு, ஜூன் 12 என்று உறுதி கூறுகிறேன்.
>
> அதுவரை தாங்கள் காத்திருக்க வேண்டாம். முடிந்த 210 பக்கத்தை மே 25 அன்றே அனுப்புகிறேன். தங்கள் திருத்தங்கள் முழுவதும் ஜூன் 20க்குள் வந்தால், அவற்றை நான் 23க்குள் சேர்த்துவிடுவேன். பக்க வடிவமைப்புக்கும் இரண்டு மெய்ப்புக்கும் ஜூலை 8 வரையிலும், அச்சுக்கும் நூற்கட்டுக்கும் ஜூலை 23 வரையிலும் ஆகும். ஆடிப்பெருக்குக்கு 11 நாள் மீதம் இருக்கிறது. தங்கள் திருத்தம் எத்தனை நாள் தள்ளுகிறதோ அத்தனை நாளை இந்த 11இலிருந்துதான் எடுக்க முடியும்.
>
> ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிந்த பக்க எண்ணிக்கையைத் தெரிவிப்பேன். பசலி ஆண்டுகளைச் சரிபார்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மாலையில் அவரே அழைத்து, 590 எப்படி வந்தது என்று அரை மணி நேரம் கேட்டார். தேதிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோபம் தணிந்ததா என்பது எனக்கு இன்னும் தெரியாது.

வெண்ணாற்று வாசகன் (தஞ்சாவூர்)

காரணமே எழுதக் கூடாது என்பது என் கருத்து. காரணம் எழுதினால் சாக்குச் சொல்வதாகத்தான் படும். கணக்குப் போட்ட நாளை இரண்டால் பெருக்கி ஒரே ஒரு தேதியைச் சொல்லிவிட வேண்டும். நான் மொழிபெயர்ப்பு வேலைகளில் அப்படித்தான் செய்கிறேன்.

அச்சுக்கூடம் (மன்னார்குடி)

முப்பது ஆண்டுகளாக அச்சகம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். நண்பர் சொல்வதில் பாதி சரி. கடிதத்தில் காரணம் நீளக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் இந்த நூல் ஆடிப்பெருக்கைத் தாண்டிவிடும். அந்த நாளே அவருக்கு முக்கியம். அரசலாற்றங்கரை அம்மாவின் கணக்கு உண்மையாக எண்ணிய பக்கங்களிலிருந்து வந்திருக்கிறது. அதைப் பெருக்கத் தேவையில்லை.

எனக்கு உறுத்துவது அச்சுக்கு ஒதுக்கிய 15 நாள். அதை அச்சகத்தாரிடம் கேட்டு எழுதினீர்களா, நீங்களாகவே எழுதினீர்களா? நாங்கள் நாள் எண்ணத் தொடங்குவது கோப்பு வந்த அன்றல்ல, கடைசி மெய்ப்பில் ஆசிரியர் ஒப்புதல் தந்த அன்றுதான். ஆடியில் திருமணம் இல்லாததால் அச்சகம் ஓய்ந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் ஆடி நடுவிலேயே குவியத் தொடங்கிவிடும். நூல் ஜூலை 20க்குப் பிறகு எங்களிடம் வந்தால், பத்திரிகையைத்தான் முதலில் எடுப்போம். முகூர்த்த நாளைத் தள்ள முடியாதல்லவா?

திருவாரூர் வாசகி

நான் இதற்கு மறுபக்கத்தில் இருக்கிறேன். என் ஆய்வேட்டைத் திருத்த முன்பணம் வாங்கியவர் இரண்டு மாதமாக "நாளை" என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி? இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

வெண்ணாற்று வாசகன் (தஞ்சாவூர்)

சகோதரி, முதலில் முடிந்த பக்கங்களை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வேலை நடந்திருக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பணத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

வீரசோழன் கரை (மயிலாடுதுறை)

ஊர்க் கோயில் மலர் ஒன்றைத் தொகுத்தபோது எனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. தேதிகள் தெளிவாகவே இருந்தன. ஆனால் நான் என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. படங்களுக்கான விளக்கக் குறிப்புகளை நான்தான் தர வேண்டும் என்று குடமுழுக்குக்கு ஆறு நாள் முன்புதான் தெரிந்தது. "தங்கள் திருத்தம் ஜூன் 20க்குள்" என்ற வரியைப் படித்ததும் அந்த நினைவு வந்தது. ஆனால் 300 பக்கத்தை ஒரு முதியவர், அதுவும் கடைசி 90 பக்கத்தை எட்டே நாளில், படித்துவிடுவார் என்று எப்படி நம்பினீர்கள்?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

நம்பியது பிழைதான். திருத்தம் ஜூன் 23 அன்றுதான் வந்தது. கண் அறுவைக்குப் பிறகு அவர் காலையில் மட்டுமே படிக்கிறார் என்பதை நான் கேட்டே அறிந்திருக்க வேண்டும். மூன்று நாள் தள்ளி, அச்சு முடிவது ஜூலை 26 ஆகிறது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

மன்னார்குடி ஐயாவுக்கு: அந்த 15 நாளை நானாகத்தான் எழுதினேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று காலை அச்சகத்துக்கு நேரில் சென்றேன். ஜூலை 11க்குள் ஒப்புதல் தந்தால் 26 அன்று தருவதாகவும், 12 ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். அதை அப்படியே ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன். கட்டணத்தில் ஏதேனும் குறைக்க வேண்டுமா என்பதை மட்டும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை, அவர் கேட்கவில்லை. இப்படிப்பட்ட நிலையில் குறைத்தவர்கள் யாரேனும் இருந்தால், எவ்வளவு குறைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.